பத்து லட்சம்னு போட்டாங்களே... மாமா அனுப்பின பணம் ஏன் பாதியில நின்னுச்சு?

2025 செப்டம்பர் 15-ம் தேதி வாக்கில் உங்கள் போனிலும் அந்தச் செய்தி வந்திருக்கும். ‘யுபிஐ-யில் இனி ஒரே நாளில் 10 லட்சம் ரூபாய் அனுப்பலாம்!’ டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்ப்பதால், அன்றைக்கு மட்டும் இதே தலைப்பை ஏழெட்டு விதமாகப் பார்த்தேன். செய்தி பொய்யில்லை. ஆனால் உள்ளே மூன்றாவது, நான்காவது பத்தியில் ஒரு வரி இருந்தது. ‘தனிநபர் ஒருவர் இன்னொரு தனிநபருக்கு அனுப்பும் தொகைக்கான 1 லட்சம் ரூபாய் உச்சவரம்பில் மாற்றம் இல்லை.’

கிளியனூரில் இருக்கும் என் மாமா தலைப்பை மட்டும் படிப்பவர். நாட்டில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான், அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

மாமாவுக்கு மரக்காணம் பக்கம் குத்தகைக்கு எடுத்த உப்பளம் இருக்கிறது. செப்டம்பர் முடிகிற நேரம் என்றால் உப்பளக்காரர்களுக்கு வயிற்றில் புளி கரைக்கும். அக்டோபரில் மழை பிடித்துவிட்டால் அவ்வளவுதான், வாரிக் குவித்து வைத்த உப்பு கண்ணெதிரே கரையும். அதற்குள் உப்பைக் கொட்டகைக்குக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். வாடகை வண்டிக்காரர்கள் அந்த நேரம் பார்த்துத்தான் ரேட்டை ஏற்றுவார்கள். அதனால் இந்த வருஷம் சொந்தமாக ஒரு குட்டி யானை வாங்கிவிடுவது என்று மாமா முடிவு செய்தார். திண்டிவனத்தில் ஒருவரிடம் பழைய வண்டி இருந்தது. விலை 2,60,000. அட்வான்ஸ் 10,000 கொடுத்தாகிவிட்டது. மீதி இரண்டரை லட்சத்தை ஞாயிற்றுக்கிழமை கொடுத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. மதியத்துக்குள் பணம் வரவில்லை என்றால் செஞ்சிக்காரர் ஒருவர் தயாராக இருக்கிறார் என்றும் வண்டிக்காரர் சொல்லியிருந்தார்.

லீவுக்கு ஊருக்குப் போயிருந்த நானும் கூடப் போனேன். டீ வந்தது. சாவி மேஜை மேல் இருந்தது. மாமா போனை எடுத்து, வண்டிக்காரரின் நம்பரைப் போட்டு 2,50,000 என்று அடித்தார். பின் நம்பர் கேட்கும் பக்கத்துக்கே போகவில்லை. ‘ஒரு முறை அனுப்பக்கூடிய அளவைத் தாண்டிவிட்டது’ என்ற மாதிரி ஒரு வரி வந்து நின்றது.

“பத்து லட்சம்னு போட்டாங்களே பாப்பா, உங்க ஆபீஸ்லயே போட்டிருப்பீங்களே?”

அந்தப் பத்து லட்சம் யாருக்கு என்பதை அப்போதுதான் உட்கார்ந்து சொன்னேன். உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். யுபிஐ-யை நடத்துகிற என்.பி.சி.ஐ., பணம் யாருக்குப் போகிறது என்பதைப் பார்த்துத்தான் உச்சவரம்பு வைக்கிறது. கடை, ஆஸ்பத்திரி, கல்லூரி என்று வணிகக் கணக்காகப் பதிவு செய்தவர்கள் ஒவ்வொருவருக்கும் என்ன தொழில் என்று காட்டும் நான்கு இலக்க எண் ஒன்று உண்டு. நாம் ஸ்கேன் செய்யும்போது அந்த எண்ணும் சேர்ந்தே போகிறது. ஆஸ்பத்திரி, கல்வி நிறுவனம் என்றால் ஒரு முறைக்கு 5 லட்சம் வரை அனுப்பலாம் என்று ரிசர்வ் வங்கி 2023 டிசம்பரிலேயே அறிவித்துவிட்டது. 2025 செப்டம்பரில் வந்தது அதற்கு அடுத்த கட்டம். இன்ஷூரன்ஸ், பங்குச்சந்தை, வரி போன்ற சில வகைகளில், சரிபார்க்கப்பட்ட நிறுவனங்களுக்கு ஒரு முறைக்கு 5 லட்சம், 24 மணி நேரத்தில் மொத்தம் 10 லட்சம். நகைக்கடைக்கு ஒரு முறைக்கு 2 லட்சம், நாளுக்கு 6 லட்சம்.

வண்டி விற்கிறவர் இந்த எதிலும் வரமாட்டார். அவர் ஒரு தனிமனிதர். அதே கணக்கில், அதே பணத்தோடு மாமா ஆஸ்பத்திரி பில் கட்டியிருந்தால் இரண்டரை லட்சமும் ஒரே தட்டில் போயிருக்கலாம். திண்டிவனத்துக்காரருக்கு என்றால் நாளுக்கு 1 லட்சம்தான். வேடிக்கையாகத் தெரியும். ஆனால் மோசடிக்காரன் ஒருத்தன் போனில் மிரட்டிப் பணம் பறிக்கும்போது, அது பெரும்பாலும் ஏதோ ஒரு தனிநபர் கணக்குக்குத்தான் போகிறது. அந்தக் கதவை மட்டும் பெரிதாகத் திறக்காமல் வைத்திருப்பதில் எனக்கு மறுப்பில்லை.

“சரி, ஒரு லட்சமா பிரிச்சு அனுப்புறேன்” என்று மாமா 1,00,000 அடித்தார். இப்போது பின் நம்பர் கேட்டது. போட்டார். சுற்றியது. ‘உங்கள் வங்கியின் தினசரி உச்சவரம்பைத் தாண்டிவிட்டீர்கள்’ என்று நின்றுவிட்டது.

இதுதான் பலரைக் குழப்பும் இடம். அன்றைக்கு மாமா வண்டிக்காரருக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பியிருக்கவில்லை, அப்புறம் எப்படி வரம்பு தாண்டும்? போனை வாங்கி அன்றைய கணக்கைத் தள்ளிப் பார்த்தேன். காலையில் வாரக் கூலி போட்டிருந்தார். ஒன்பது பேர், ஆளுக்கு ஒரு நாளைக்கு 600 வீதம் ஆறு நாளைக்கு 3,600. மொத்தம் 32,400. அந்தத் தொகையும் அதே ஒரு லட்சத்துக்குள்தான் அடக்கம். யாருக்கு எவ்வளவு என்று தனித்தனியாகப் பார்ப்பதில்லை. ஒரு கணக்கிலிருந்து அன்றைக்குத் தனிநபர்களுக்குப் போனது எல்லாமே ஒரே கூட்டல். ஆக, மாமாவுக்கு அன்றைக்கு மிச்சம் இருந்தது 67,600 ரூபாய்.

தொகையோடு முடிவதில்லை, எண்ணிக்கைக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. தனிநபர்களுக்கு ஒரு நாளில் 20 முறைதான் அனுப்ப முடியும் என்பது பொதுவான வரம்பு. மாமாவிடம் ஒன்பது பேர் என்பதால் அந்தச் சுவரில் முட்டவில்லை. இருபத்தைந்து பேரை வைத்து உப்பு வாருகிற பெரிய அளத்துக்காரர் போனிலேயே கூலி போட்டால், இருபத்தோராவது ஆளுக்கு 500 ரூபாய்கூடப் போகாது. கணக்கில் லட்சக்கணக்கில் இருந்தாலும் இதே கதைதான். சில ஆப்களில் காரணத்தோடு ஒரு குறியீடும் வரும். `Z8` என்றால் ஒரு முறைக்கு வங்கி வைத்த தொகையைத் தாண்டிவிட்டீர்கள், `Z7` என்றால் எத்தனை முறை என்ற எண்ணிக்கையைத் தாண்டிவிட்டீர்கள் என்று அர்த்தம். இரண்டையும் பிரித்துப் பார்த்தால், தொகையைக் குறைத்து மறுபடி முயற்சி செய்வதில் பயன் உண்டா இல்லையா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

வண்டிக்காரர் தன் அனுபவத்தில் ஒரு வழி சொன்னார். “அண்ணே, இந்த ஆப்ல போகலன்னா இன்னொரு ஆப்ல போடுங்க. நான் அப்படித்தான் பண்ணுவேன்.”

மாமா போனில் இன்னொரு ஆப்பும் இருந்தது. அதிலும் 1 லட்சம் அடித்தார், அதிலும் நின்றது. ஆப் என்பது வெறும் வாசல், பணம் இருப்பது வங்கியில். எந்த வாசல் வழியாகக் கேட்டாலும், ‘இந்தக் கணக்கிலிருந்து இன்றைக்கு எவ்வளவு போயிருக்கிறது’ என்று கூட்டிப் பார்ப்பது வங்கிதான். ஆப்காரர்கள் தங்கள் பங்குக்குத் தனியாக ஒரு வரம்பு வைத்திருந்தால், அதில் முட்டியவர்களுக்கு மட்டும் ஆப் மாற்றுவது உதவும். வங்கியின் வரம்பில் முட்டியவர்களுக்கு உதவாது. வங்கி நினைத்தால் ஒரு லட்சத்துக்கும் குறைவாகவே வைக்கலாம். அதற்கு அவர்களுக்கு அதிகாரம் இருக்கிறது. வரம்பை உயர்த்திய நேரத்தில்கூட, உள்ளுக்குள் எவ்வளவு வைப்பது என்பதை வங்கிகளின் முடிவுக்கே ரிசர்வ் வங்கி விட்டது. பக்கத்து வீட்டுக்காரருக்குப் போகிற தொகை நமக்குப் போகாததன் ரகசியம் இவ்வளவுதான்.

மாமா 65,000 அடித்தார். இந்த முறை சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. மாமா போனில் வங்கி மெசேஜ் வந்துவிட்டது, 65,000 கழிந்துவிட்டது என்று. ஆப்பில் மஞ்சள் நிறத்தில் ‘நிலுவையில்’. வண்டிக்காரர் போனில் எதுவும் இல்லை.

அறையில் சட்டென்று ஒரு மௌனம். வண்டிக்காரர் மேஜை மேலிருந்த சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அவரைத் தப்பாக நினைக்க முடியாது. பணம் அனுப்பிவிட்டேன் என்று போலி ஸ்க்ரீன்ஷாட் காட்டி ஏமாற்றும் ஆட்களைப் பற்றி வாரத்துக்கு இரண்டு செய்தியாவது நானே எழுதுகிறேன். மாமாவுக்கு முகம் சிவந்துவிட்டது. “என் பணம் போயிடுச்சு, அவருக்கும் போகல, நடுவுல எவன் வெச்சிருக்கான்?”

நியாயமான கேள்வி. வரம்பில் நிற்பதும் இப்படி நிலுவையில் நிற்பதும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்று போலவே தெரியும். உள்ளே நடப்பது வேறு. நாம் பின் நம்பரைப் போட்டதும் ஆப்பிலிருந்து கோரிக்கை என்.பி.சி.ஐ-க்குப் போகிறது. அங்கிருந்து முதலில் நம் வங்கியிடம் ‘இவர் கணக்கில் கழி’ என்று சொல்லப்படுகிறது. வரம்பு, இருப்பு, பின் நம்பர் எல்லாம் அந்த இடத்தில் பார்க்கப்படுகின்றன. வரம்பு தாண்டினால் அங்கேயே ‘முடியாது’ என்ற பதில் வந்துவிடும். பணம் கணக்கை விட்டு நகர்ந்திருக்காது, அதனால் கழிந்ததாக மெசேஜும் வராது. நம் வங்கி கழித்துவிட்டால்தான் அடுத்து, வாங்குபவரின் வங்கியிடம் ‘இவர் கணக்கில் வரவு வை’ என்று போகும். அந்த வங்கியின் கம்ப்யூட்டர் அந்த நேரத்தில் பதில் சொல்லவில்லை என்றால், வைத்தார்களா இல்லையா என்று யாருக்கும் தெரியாத நிலை. அதைத்தான் ஆப் ‘நிலுவை’ என்கிறது. பிறகு வங்கிகள் கணக்கை ஒப்பிட்டுப் பார்த்து, ஒன்று வரவு வைப்பார்கள், இல்லாவிட்டால் திருப்பி அனுப்புவார்கள்.

ஆகவே பணம் நின்றால் முதலில் பார்க்க வேண்டியது வங்கியிலிருந்து வந்த மெசேஜையும் கணக்கு இருப்பையும்தான். கழியவில்லை என்றால் வரம்பு மாதிரியான காரணம், தொகையையோ வழியையோ மாற்றலாம். கழிந்துவிட்டது என்றால் மறுபடி அனுப்பவே கூடாது. முதலில் அனுப்பியதும் போய்ச் சேர்ந்து, இரண்டாவதும் போய்ச் சேர்ந்தால், திருப்பி வாங்குவது எதிராளியின் நல்ல மனதைப் பொறுத்தது. போதாக்குறைக்கு, நிலுவையில் நிற்கும் தொகையும் திரும்பி வரும் வரை பொதுவாக அன்றைய வரம்பில் சேர்ந்தே இருக்கும். மாமா மறுபடி 65,000 அடிக்கப் போனார், நான் கையைப் பிடித்துத் தடுத்தேன்.

வண்டிக்காரரின் மைத்துனர் ஒருவர், கூகுளில் தேடி ஒரு கஸ்டமர் கேர் நம்பர் எடுத்துக் கொடுத்தார். அதையும் வேண்டாம் என்றேன். பணம் மாட்டிக்கொண்ட பதற்றத்தில் தேடுகிறவர்களுக்காகவே போலி நம்பர்களைப் போட்டு வைத்திருக்கிறார்கள். அந்த ஆப்புக்குள்ளேயே, அந்தப் பரிவர்த்தனையைத் தொட்டால் புகார் செய்ய இடம் இருக்கும். அதில் 12 இலக்கத்தில் ஒரு குறிப்பு எண்ணும் இருக்கும். அந்த எண்ணை வண்டிக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினோம். பணம் வந்தால் அவர் வங்கிக் கணக்கிலும் அதே எண்தான் தெரியும். ஸ்க்ரீன்ஷாட்டை நம்பாதவர்கள் அந்த எண்ணை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20-ல் போட்ட சுற்றறிக்கை ஒன்று இதற்கு இருக்கிறது. யுபிஐ-யில் ஒருவர் இன்னொருவருக்கு அனுப்பும்போது, அனுப்பியவர் கணக்கில் கழிந்து வாங்குபவருக்கு வரவு ஆகவில்லை என்றால், அதிகபட்சம் அடுத்த நாளுக்குள் பணம் தானாகத் திரும்பிவிட வேண்டும். அதற்கு மேல் தாமதமானால் ஒவ்வொரு நாளைக்கும் 100 ரூபாய் இழப்பீடு. கடைக்கு அனுப்பியது என்றால் ஐந்து நாள் வரை அவகாசம், அதன் பிறகு அதே 100 ரூபாய். நாம் கேட்காமலே தர வேண்டும் என்பதுதான் விதி. மாமாவுக்கு இதைச் சொன்னதும் கொஞ்சம் மூச்சு வந்தது. அவர் உடனே “அப்போ நாலு நாள் லேட்டானா நல்லதுதானே?” என்று கேட்டது வேறு விஷயம்.

நாலு நாள் ஆகவில்லை. நாற்பது நிமிஷத்தில் வண்டிக்காரர் போன் சத்தம் போட்டது. எண்ணை ஒப்பிட்டுப் பார்த்தார், சாவி மறுபடி மேஜைக்கு வந்தது. இன்னும் பாக்கி 1,85,000.

அத்தை முன்வந்தார். சீட்டு எடுத்த பணம் 1,20,000 அவர் கணக்கில் இருந்தது. வீட்டிலிருந்தே போட முயற்சி செய்துவிட்டு போன் செய்தார். “அம்பதாயிரம் கூட போகலங்க.” அத்தைக்கு அன்று காலையில்தான் பெரியவன் புது போன் வாங்கி, சிம்மை மாற்றி, ஆப்பைப் புதிதாகப் பதிவு செய்து கொடுத்திருந்தான். புதிய போனில் பதிவு செய்தால் முதல் 24 மணி நேரத்துக்கு மொத்தமே 5,000 ரூபாய்தான் அனுப்ப முடியும். யாராவது உங்கள் சிம்மைக் கைப்பற்றி வேறொரு போனில் ஆப்பைத் திறந்தால், உங்களுக்குத் தெரிவதற்குள் கணக்கைக் காலி செய்யாமல் இருக்க அந்த ஒரு நாள் அவகாசம். பின் நம்பர் சரியாக இருந்தாலும், பத்து வருஷக் கணக்காக இருந்தாலும் இது மாறாது. பெரிய தொகை கட்ட வேண்டிய வாரத்தில் போனை மாற்றாதீர்கள் என்று எங்கள் வீட்டில் இப்போது சட்டமே போட்டாகிவிட்டது.

“ராத்திரி 12 மணிக்கு மேல என் கணக்குல புதுசா ஒரு லட்சம் வந்துடுமில்ல?” என்று மாமா கேட்டார். அவர் வங்கி எந்தக் கணக்கு வைத்திருக்கிறது என்பதைப் பொறுத்தது அது. சில வங்கிகளில் நள்ளிரவு தாண்டினால் புது நாள். சிலவற்றில் கடைசி 24 மணி நேரத்தைக் கூட்டிப் பார்ப்பார்கள். இரண்டாவது வகை என்றால், பகல் 11 மணிக்கு அனுப்பிய 65,000 மறுநாள் பகல் 11 மணி வரை கூட்டலில் இருக்கும். நள்ளிரவு வரை விழித்திருந்து பயனில்லை.

கடைசியில் போன வழி, வங்கியின் சொந்த மொபைல் ஆப். அதில் ஐ.எம்.பி.எஸ். என்று ஒன்று இருக்கும். யுபிஐ-க்கு முன்பே, 2010-லிருந்து இருக்கிறது. ஞாயிறும் வேலை செய்யும், உடனே போய்ச் சேரும், ஒரு முறைக்கு 5 லட்சம் வரை அனுமதி உண்டு. யுபிஐ வரம்பு தீர்ந்து போனது இதைப் பாதிக்காது, இது வேறு கணக்கு. வண்டிக்காரரின் கணக்கு எண்ணையும் ஐ.எஃப்.எஸ்.சி. எண்ணையும் போட்டோம். ஆனால் இங்கேயும் ஒரு தடை. முதல் முறையாகச் சேர்க்கும் ஆளுக்கு, மாமாவின் வங்கி முதல் நாளில் 50,000 வரைதான் விடும். இந்தத் தொகையும் காத்திருக்கும் நேரமும் வங்கிக்கு வங்கி மாறும். அட்வான்ஸ் கொடுத்த அன்றே வண்டிக்காரர் பெயரைச் சேர்த்து வைத்திருந்தால் ஞாயிறு அன்றே முழுப் பணமும் போயிருக்கும். யாருக்குத் தெரியும், அதை ஆப் எங்கேயும் முன்கூட்டிச் சொல்வதில்லை. எனக்கு இதில் உண்மையிலேயே கோபம் உண்டு. தொகையை அடிக்கும் இடத்திலேயே ‘இன்று உங்களுக்கு மிச்சம் இவ்வளவு’ என்று ஒரு வரி போட என்ன செலவாகிவிடும்?

50,000 போனது. பாக்கி 1,35,000. வண்டிக்காரர் ஒரு வெள்ளைத்தாளில் வாங்கிய தொகையை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். வண்டி கிளியனூருக்கு வந்தது, ஆர்.சி. புக் மட்டும் அவரிடம் நின்றது. செஞ்சிக்காரருக்கு அவர் எங்கள் முன்னாலேயே போன் போட்டு வண்டி முடிந்துவிட்டது என்று சொன்னார்.

திங்கட்கிழமை காலை மாமா வங்கிக் கிளைக்கே போனார். ஆர்.டி.ஜி.எஸ். படிவத்தைக் கேட்டார். கவுன்ட்டரில் இருந்த அம்மா, “ரெண்டு லட்சத்துக்குக் குறைஞ்சா அது முடியாது சார், என்.இ.எஃப்.டி. எழுதுங்க” என்றார். மேல் வரம்பில் முட்டி முட்டி வந்த மனிதருக்கு, இங்கே கீழ் வரம்பு. ஆர்.டி.ஜி.எஸ்-ஸில் குறைந்தது 2 லட்சம் அனுப்ப வேண்டும். நேற்றே பிரித்து அனுப்பாமல் இரண்டரை லட்சத்தையும் சேர்த்து வைத்திருந்தால் அதில் போட்டிருக்கலாம். என்.இ.எஃப்.டி-யில் அந்தத் தொல்லை இல்லை, ஒரு ரூபாயிலிருந்து அனுப்பலாம். அரை மணிக்கு ஒரு தடவை கட்டுக் கட்டாகப் பணம் புறப்படும். போன் தட்டினதும் போகிற வேகத்துக்குப் பழகிய நமக்கு அது மெதுவாகத் தெரியலாம். ஆனால் பெரிய தொகைக்கு, வாங்குபவர் எதிரில் சாவியோடு உட்கார்ந்திருக்காத நாளில், அதுதான் நிம்மதியான வழி.

மாமா படிவத்தில் கணக்கு எண்ணை இரண்டு முறை சரிபார்த்து எழுதினார். செக்கைக் கிழித்துக் கொடுத்தார், ரசீதில் குறிப்பு எண்ணை எழுதி வாங்கிக்கொண்டார். பக்கத்துக் கடையில் டீ குடித்து முடித்து, வண்டியில் டீசல் போட்டுவிட்டு வருவதற்குள் திண்டிவனத்திலிருந்து போன் வந்துவிட்டது. “வந்துடுச்சுண்ணே, புக்க வந்து வாங்கிக்கோங்க.”